ஈரச் சப்பாத்தும் பின்வாங்கும்

கடந்த மழைக்காலத்தில் எங்கள் ஆறாம் தர வகுப்பில் ஒரு மாணவனைப் பின்வாங்குக்கு மாற்றினோம். படிப்பில் அவன் பிந்தியவன் அல்ல, குழப்படிக்காரனும் அல்ல. அவனுடைய சப்பாத்திலிருந்து வந்த நாற்றத்தைத் தாங்க முடியாமல் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "நாளைக்கு நல்லாக் கழுவிப் போட்டுக்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் கழுவிப் போட்டுக்கொண்டு வந்தான். நாற்றம் முன்னைவிடக் கூடியிருந்தது. மூன்றாம் நாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை.

நான்காம் நாள் அவனுடைய தாய் வந்தார். கொழுந்து மலைக்குப் போகிற உடுப்போடு, இடுப்பில் கட்டிய படங்கோடு, வகுப்பு வாசலில் நின்றார். "டீச்சர், ராவு சோப்புப் போட்டுத் தேச்சுத்தான் கழுவுனேன். அடுப்புப் பக்கத்துல வச்சேன், காயல. ஈரத்தோடதான் மாட்டிக்கிட்டு வந்தான். இருக்கிறது ஒரு சோடி. இன்னும் என்ன செய்யச் சொல்றீங்க?"

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. பிள்ளையைக் கழுவச் சொன்னவர்கள் நாங்கள். கழுவியதால்தான் நாற்றம் கூடியது என்பதை விளங்கிக்கொள்ளாமல் இருந்தவர்களும் நாங்கள்தான். அதன்பிறகு தேடிப் படித்ததையும், அந்தப் பிள்ளையோடு சேர்ந்து செய்து பார்த்ததையும், மாதர் கூட்டங்களில் தாய்மார் சொன்னதையும் இங்கே எழுதுகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் தோட்டங்களில் கால் நாற்றத்துக்கும் உடம்பு நாற்றத்துக்கும் பெரிய காரணம் காயாத ஈரம். அதில் ஒரு பங்கை நாமே வீட்டில் சரிசெய்யலாம். மறு பங்கைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

நாங்கள் இருப்பது சப்ரகமுவவின் தாழ்ந்த பகுதி. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் றப்பர். நுவரெலியாப் பக்கத்துக் குளிர் இங்கே இல்லை. காலை பத்து மணிக்கே உடம்பு நனைந்துவிடும். பின்னேரம் மழை பிடிக்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் உடம்பில் வந்த வியர்வை உலராமல் தோலிலேயே நிற்கும். கொடியில் போட்ட துணியும் அப்படித்தான், இரண்டு நாளானாலும் தொட்டால் குளிர்ச்சியாகவே இருக்கும்.

வியர்வைக்கு நாற்றம் இல்லை என்றால் பலர் நம்பமாட்டார்கள். உள்ளங்காலில் வருகிற வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அது வருகிறபோது மணப்பதில்லை. நம் எல்லோருடைய தோலிலும் கண்ணுக்குத் தெரியாத பக்றீரியாக்கள் எப்போதும் வாழ்கின்றன. தோலிலிருந்து உதிர்கிற செதில்களையும் வியர்வையில் உள்ளவற்றையும் அவை தின்று, நாற்றமுள்ள அமிலங்களை வெளிவிடுகின்றன. கால் நாற்றத்துக்கு முக்கிய காரணமானது ஐசோவலெரிக் அமிலம். இந்தப் பக்றீரியாக்கள் பெருக வேண்டுமானால் ஈரம், சூடு, காற்றுப் புகாத இடம் மூன்றும் வேண்டும். ஈரச் சப்பாத்துக்குள் மூன்றும் ஒன்றாகவே கிடைக்கின்றன.

உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கிற இடங்கள் உள்ளங்காலும் உள்ளங்கையும். இரண்டிலும் ஒரே மாதிரித்தான் வியர்க்கிறது. கையைச் சப்பாத்துக்குள் போட்டு மூடாததால் கை நாறுவதில்லை.

அக்குள் வேறு விதம். அங்கேயும் மறைவிடங்களிலும் இன்னொரு வகைச் சுரப்பிகள் உண்டு. அவை கொழுப்பும் புரதமும் கலந்த வியர்வையைத் தருகின்றன, பிள்ளை பருவமடையத் தொடங்கும்போதுதான் வேலை செய்ய ஆரம்பிக்கின்றன. ஆகவே மூன்றாம், நான்காம் தரத்துப் பிள்ளையிடம் நாற்றம் வந்தால் பெரும்பாலும் அது சப்பாத்தின், மேசின் அல்லது காயாத உடுப்பின் நாற்றம். "உடம்பு கழுவாத பிள்ளை" என்று அந்தப் பிள்ளையைச் சொல்வது பிழை. பத்துப் பன்னிரண்டு வயதில் அக்குள் மணம் தொடங்கினால் அது வளர்ச்சியின் அடையாளம். அப்போது வீட்டில் அம்மாவோ அக்காவோ தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் ஆசிரியர் சொல்லக் கூடாது. நாங்கள் அதைச் செய்தோம், அதனால்தான் அந்தப் பிள்ளை ஒரு நாள் பாடசாலைக்கு வராமல் நின்றான்.

அவன் விடயத்தில் பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறோம். அவன் லயத்திலிருந்து பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர் வருகிறான். பாதி வழி புல்லும் சேறும். வந்து சேரும்போதே சப்பாத்து நனைந்துவிடும். அதே ஈரத்தில் பிற்பகல் ஒன்றரை வரைக்கும் இருந்துவிட்டு, அதே ஈரத்தில் திரும்ப நடப்பான். வெள்ளைச் சப்பாத்து அழுக்காகத் தெரியக் கூடாது என்று தாய் ஞாயிறு மாலையில் வெள்ளை பூசுவார். அதுவும் தண்ணீர்தான். திங்கள் காலையில் சப்பாத்து உள்ளே ஈரமாகவே இருக்கும். அதாவது வாரம் முழுவதும் அந்தச் சப்பாத்து ஒரு தடவைகூட முழுதாகக் காயவில்லை.

முதலில் வழியை மாற்றினோம். அவன் இறப்பர் செருப்போடு நடந்து வரட்டும், சப்பாத்தையும் மேசையும் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வரட்டும் என்றோம். பாடசாலைப் பைப்பில் காலைக் கழுவி, பழைய பருத்தித் துண்டால் துடைத்தான். விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே துடைக்கச் சொன்னோம். பலரும் விடுகிற இடம் அதுதான். கால் நன்றாக உலர்ந்த பிறகு, ஐந்து நிமிடம் கழித்து, மேசு போட்டான். வீட்டுக்குப் போகும்போது மறுபடி செருப்பு. இதற்குத் தேவைப்பட்டது ஒரு துண்டும் ஒரு பையும், வாசலில் வைத்துத் தடுக்காத ஓர் அதிபரும்.

அடுத்தது வீட்டில். சப்பாத்தைத் தினமும் கழுவ வேண்டாம் என்று தாயிடம் சொன்னோம். அவர் அதிசயமாகப் பார்த்தார். இரவில் காயாது என்று தெரிந்தால் கழுவுவது கெடுதல்தான். கழுவுவது வெள்ளி மாலையில் மட்டும் இருக்கட்டும், சனி ஞாயிறு இரண்டு நாளும் காயக் கிடைக்கும். மற்ற நாட்களில் நாடாவை முழுதாகத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, உள்ளே இருக்கிற அடித்தட்டைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, படுக்கப் போகுமுன் நனைந்த தாளை எடுத்து வேறு தாள் வைக்க வேண்டும். தாள் ஈரத்தை இழுத்துவிடும். அடுப்புக்கு மேலே வைத்தால் பசை விட்டு அடி கழன்றுவிடும். அடுப்பிலிருந்து கை நீட்டுகிற தூரத்தில், பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் போதும்.

மேசைத் தினமும் கழுவ வேண்டும். தோல் செதில்கள் உள்பக்கம்தான் ஒட்டியிருக்கும், ஆகவே உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கழுவ வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை, கை வைக்க முடியாத அளவு சூடான தண்ணீரில் பருத்தி மேசைப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவினோம். வெறும் பச்சைத் தண்ணீரும் சவர்க்காரமும் அழுக்கை எடுக்கும், ஆனால் துணியில் தங்கிய பக்றீரியாக்களில் பல மிஞ்சிவிடும். அடிக்கடி இப்படிச் செய்தால் மேசின் இலாஸ்ரிக் தொய்ந்துவிடும், ஆகவே வாரத்துக்கு ஒன்று போதும்.

இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. நாற்றம் முழுதாகப் போகவில்லை, பழைய அடித்தட்டில் அது ஊறிப்போயிருந்தது. அதைத் தூக்கி எறிந்து, தடித்த காட்போட் அட்டையைக் கால் அளவுக்கு வெட்டி வைத்தோம். அந்த அட்டையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன் பிறகு அவன் தன் பழைய இடத்துக்கு வந்தான். எந்தப் பிள்ளையும் மூக்கைப் பொத்தவில்லை.

சில கால்கள் இத்தனைக்கும் அடங்காது. கொழுந்து மலையில் நாள் முழுவதும் ஈரக் காலோடு நிற்கிறவர்களும், பூட்ஸ் போட்டு மருந்தடிக்கிறவர்களும் ஒரு தடவை தங்கள் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குளித்துவிட்டு வந்த உடனே, தோல் ஊறியிருக்கும்போது, வெளிச்சத்தில் பாருங்கள். குதிங்காலிலும் முன்பாதத்திலும் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றனவா? தோல் வெளிறி, வழுவழுவென்று இருக்கிறதா? கூடவே கடுமையான நாற்றம் உண்டா? அப்படியானால் அது பக்றீரியாக்கள் உள்ளங்கால் தோலையே அரித்ததால் வந்த நோய். பலருக்கு வலியும் இருக்காது, அரிப்பும் இருக்காது. ஆகவே சேறு தின்ற கால் என்று சொல்லி வருடக்கணக்காக விட்டுவிடுகிறார்கள்.

விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி, வெடித்து, அரிக்கிற சேற்றுப்புண் வேறு. அது பெரும்பாலும் பங்கசு. கடையில் வாங்கிய பங்கசுக் களிம்பை மாதக்கணக்காகக் குழிவிழுந்த காலில் பூசியும் நாற்றம் குறையவில்லை என்று ஒரு பெண் தொழிலாளி எங்களிடம் சொன்னார். அந்த மருந்து அந்த நோய்க்கு உரியதல்ல. குழிகளுக்குப் பூசுகிற அன்ரிபயோட்டிக் மருந்து வேறாக உண்டு, அதை வைத்தியர் பார்த்துத் தர வேண்டும். மருந்து பூசிக்கொண்டே காலை உலர்த்தி வைத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் குழிகள் மறையும். உலர்த்தாமல் மருந்து மட்டும் பூசினால் திரும்ப வரும். கால் சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால், புண்ணில் சீழ் வைத்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் காலைச் சுடுதண்ணீரில் வைக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் சூடு தெரியாமலே வெந்துவிடும்.

குழியோ புண்ணோ இல்லை, ஆனால் கால் வியர்த்து ஊற்றுகிறது என்பவர்களுக்கு நம் கையிலேயே ஒரு வைத்தியம் இருக்கிறது. இரண்டு தேக்கரண்டி தேயிலைத்தூளை அரை லீற்றர் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கொதிக்க வைத்து, வடித்து, இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரில் கலந்து, காலை இருபது நிமிடம் வைத்திருங்கள். ஒரு வாரம் தினமும் செய்யலாம். வாயில் துவர்க்கிற அதே தனின் உள்ளங்கால் தோலை இறுக்கி வியர்வையைக் கொஞ்சம் குறைக்கும். பாதம் மண்ணிறமாகும், அது போய்விடும். எல்லோருக்கும் ஒரே அளவு பலன் கிடைக்காது. வெடிப்பு உள்ள காலுக்கு இது வேண்டாம், எரியும்.

அடுத்தது குளிப்பு. இதைப் பற்றி நம் கூட்டங்களில் பேசத் தயங்குகிறோம். பீலிக்கரையில் ஆண்கள் எப்படிக் குளிக்கிறார்கள், பெண்கள் எப்படிக் குளிக்கிறோம்? பல லயங்களில் பெண்களுக்கு மறைப்பே இல்லை. பாவாடையை மார்போடு குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க, பின்னால் நிற்கிற வரிசைக்காக அவசரப்பட்டு, தலையில் நாலு வாளி ஊற்றிவிட்டு வருகிறோம். சவர்க்காரம் கையிலும் முகத்திலும் கழுத்திலும் படும். அக்குளிலும் மார்புக்குக் கீழேயும் தொடை இடுக்கிலும் சரியாகப் படாது. நாற்றம் உண்டாவதோ அந்த இடங்களில்தான். பிறகு ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு நடந்து வந்து, இருட்டில் மாற்றுகிறோம். இரண்டு தடவை குளித்தாலும் மணம் போகவில்லை என்று ஒரு பெண் சொன்னால் அவரிடம் குறை காண வேண்டாம். குளிக்கிற இடத்தைப் பாருங்கள்.

தண்ணீர் குறைவான நாளில் முழு உடம்புக்கும் ஊற்ற வேண்டும் என்றில்லை. அறைக்குள் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியும் இருந்தால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, பாதம் என்ற நாலு இடத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்கலாம். பெண்ணுறுப்பின் உள்ளே சவர்க்காரம் போகக் கூடாது, வெளியே மட்டும். கழுவிய பிறகு உலரத் துடைப்பதுதான் பாதி வேலை. பவுடரும் சென்ற்டும் கழுவாத அக்குளில் போட்டால் நாற்றத்தோடு கலந்து இன்னொரு நாற்றமாகும். வியர்வையைக் குறைக்கிற பூச்சு வாங்குகிறவர்கள் அதைக் காலையில் அவசரமாகப் பூசுவதைவிட இரவில், உலர்ந்த அக்குளில் பூசினால்தான் நன்றாக வேலை செய்யும்.

உடுப்புக்கு வருவோம். கொழுந்து மலையில் முதலில் பிளவுஸ், அதன்மேல் நீளக் கைச் சேட்டு, இடுப்பில் படங்கு என்று மூன்று சுற்று. பூச்சியும் முள்ளும் வெயிலும் இருக்கும்போது இதைக் குறைக்க முடியாது. உடம்போடு ஒட்டுகிற முதல் சுற்று எது என்பதைத் தெரிவு செய்யலாம். நைலோன், பொலியெஸ்ரர் துணி சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பசையை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிக் காயவைத்த சேட்டு, அணிந்து அரைமணியில் அக்குளில் மணக்கத் தொடங்குவது அதனால்தான். உடம்போடு படுவது பருத்தியாகவும் தளர்வாகவும் இருக்கட்டும், மேலே போடுவது எதுவாகவும் இருக்கலாம். பருத்திக்கும் ஒரு குறை உண்டு, மழைக்காலத்தில் காயாது. காயாத பருத்தி ஒரு புளித்த வாடை வீசும். ஆகவே உள்ளுடுப்பாவது இரண்டு மூன்று சோடி வேண்டும். மழையில் நனைந்த மேசுக்குப் பதிலாக ஒரு உலர்ந்த மேசைப் பொலித்தீனில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டால், பகல் சாப்பாட்டு நேரத்தில் காலைத் துடைத்து மாற்றலாம்.

நாள் முழுவதும் கட்டியிருக்கிற படங்குக்குள்ளே இடுப்பு வெந்துபோகிறது. நாற்றத்தோடு படர்தாமரையும் அங்கேதான் வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் அதைக் கழற்றி உள்பக்கத்தைக் காற்றுப்படப் போடுங்கள். மாலையில் உள்பக்கத்தையும் சவர்க்காரம் போட்டுத் துடையுங்கள். வெளிப்பக்கம் மட்டும் கழுவுகிற பழக்கம்தான் பலரிடம் இருக்கிறது. பால் வெட்டுகிறவர்கள் பால் பட்ட சேட்டை அன்றே தண்ணீரில் போட வேண்டும். றப்பர் பால் துணியில் உறைந்து அழுகினால் அந்த வாடையை எந்தச் சவர்க்காரமும் எடுக்காது.

இவ்வளவும் நம் கையில் இருப்பவை. மேலே எழுதியதை இன்னொரு தடவை வாசித்தால், எங்கே வந்து தடைப்படுகிறது என்று தெரியும். இரண்டாவது சோடிச் சப்பாத்து இல்லை. துணி காயவைக்கக் கூரை போட்ட இடம் இல்லை. பெண்கள் குளிக்க மறைப்பு இல்லை. மலையில் பகல் சாப்பாட்டுக்கு உட்காருகிற இடத்தில் காலைக் கழுவத் தண்ணீர் இல்லை. இவற்றுக்குத் தோட்ட நிர்வாகத்திடமும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடமும் போகிறபோது, "சுகாதாரம் வேண்டும்" என்று பொதுவாக எழுதிக் கொடுக்க வேண்டாம். பொதுவாகக் கேட்டால் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று வைத்துவிட்டுப் போவார்கள். இத்தனை அறைகளுக்கு, நாலு பக்கமும் மறைத்து, கதவும் கொக்கியும் போட்ட ஒரு குளியல் இடம். ஒவ்வொரு லயத்துக்கும் தகரக் கூரையோடு, பக்கம் திறந்த ஒரு கொடிக் கொட்டகை என்று எண்ணிக்கை போட்டுக் கேளுங்கள். எழுதும்போது லயத்தில் எத்தனை பெண்கள், எத்தனை பீலி, மாலையில் வரிசை எத்தனை நிமிடம் என்று நீங்களே ஒரு நாள் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் மாதர் அணி ஒரு லயத்தில் இந்த எண்ணிக்கையைத் தொடங்கியிருக்கிறது.

ஆசிரியர்களான எங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அரசின் சப்பாத்து வவுச்சர் கிடைக்கிற பாடசாலையில், பிள்ளை புதுச் சப்பாத்து வாங்கியதும் பழையதை எறிய விடாதீர்கள். கிழிந்திருந்தாலும் அது இரண்டாவது சோடி. மழைக் காலையில் செருப்போடு வருகிற பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள். வகுப்பின் மூலையில் சப்பாத்துக் காய ஒரு கயிறு கட்டுங்கள்.

அந்த மாணவன் இப்போது ஏழாம் தரத்தில் முன்வரிசையில் இருக்கிறான். மழை நாட்களில் அவனுடைய பையில் ஒரு துண்டு இருக்கும். போன வாரம் தம்பியின் சப்பாத்துக்குத் தாள் திணிக்கப் பழைய பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டு வந்தான். இந்தச் செய்தி மடலின் பழைய இதழ்கள் சிலவற்றைக் கொடுத்து அனுப்பினோம். நீங்களும் இதை வாசித்து முடித்தபின் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் உதவும்.